சிங்களப் படம், தமிழ் வரி: சப்டைட்டில், டப்பிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில சப்டைட்டில் ஏற்கெனவே இருக்குது. அதைப் பார்த்துத் தமிழில எழுதினால் என்ன குறைஞ்சிடும்?

ஒரு வாசற்படிக் காட்சியை எடுத்துக்கொள்வோம். சிங்கள வீட்டிலிருந்து வெளியே கிளம்புகிற மகன் "மம கிஹின் என்னம்" என்பான். கிஹின் என்றால் போய், என்னம் என்றால் வருகிறேன். நம்முடைய "போயிட்டு வாறன்" அப்படியே அதுதான். வாசலில் நின்று வெறுமனே "போறன்" என்று சொல்லக்கூடாது என்ற மனத்தடை இரண்டு வீடுகளிலும் ஒன்றுதான்.

அந்த மகன் படத்தில் மூன்று தடவை "கிஹின் என்னம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறான். நான்காவது தடவை "மம யனவா" என்கிறான். போறன், அவ்வளவுதான். அகப்பையோடு குசினியில் நிற்கிற அம்மா அப்படியே நின்றுவிடுகிறாள். இயக்குநர் அந்த முகத்தை நாலு செக்கன் காட்டுகிறார்.

ஆங்கில சப்டைட்டிலில் நான்கு தடவையும் கிளம்புகிறேன் என்ற பொருளில் ஒரே வசனம்தான் இருக்கும். ஆங்கிலத்தில் அது பிழையே இல்லை, அந்த மொழியில் போய்வருதல் என்று விடைபெறுகிற வழக்கம் கிடையாது. அதைப் பார்த்துத் தமிழில் எழுதுகிறவர் நான்கு தடவையும் "நான் கிளம்புகிறேன்" என்று எழுதுவார். அம்மா ஏன் நின்றாள் என்று தமிழ்ப் பார்வையாளருக்குத் தெரியாது. தமிழர்கள் அந்தக் காட்சியை எந்த விளக்கமும் இல்லாமல் விளங்கிக்கொள்ளக்கூடியவர்கள். அவர்களுக்கே அது கிடைக்காமல் போகிறது.

நேரடியாக எழுதினால் வேலை மிகச் சின்னது. மூன்று தடவை "போயிட்டு வாறன்", நான்காம் தடவை "நான் போறன்."

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஆரம்ப காலத்தில் ஒரு திரையிடலுக்காக ஆங்கில வரிகளை மட்டும் தந்து, படத்தைத் தராமல், இரண்டு இரவுக்குள் தமிழ் கேட்டார்கள். ஆங்கிலத்தில் சகோதரன் என்று மட்டும் இருந்த இடமெல்லாம் நான் "அண்ணா" என்று போட்டேன். திரையில் பார்த்தபோது அந்த ஆளுக்குப் பதினைந்து வயது. சிங்களத்தில் அவனை "மல்லி" என்று, அதாவது தம்பி என்று, கூப்பிட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து படம் கைக்கு வராமல் ஒரு வரியும் எழுதுவதில்லை.

சிங்களமும் தமிழும் ஒரே மாதிரியான மொழிகள்தானே? அப்படியே மாற்றினால் சரிவராதா?

வசன ஒழுங்கு ஒன்றுதான். இரண்டிலும் வினைச்சொல் கடைசியில் வரும். அதனால் ஆங்கிலத்திலிருந்து வருகிற பல தலையிடிகள் இங்கே இல்லை. சிக்கல் அந்தக் கடைசிச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பேச்சுச் சிங்களத்தில் "யனவா" என்றால் நான் போறேன், நீ போறாய், நீங்கள் போறீங்கள், அவன் போறான், அவள் போறாள், அவை போகினம், எல்லாம்தான். ஆள், பால், மரியாதை எதுவும் அந்தச் சொல்லில் ஒட்டியிருக்காது. தமிழ் வினை பெரும்பாலும் இவற்றைச் சொல்லாமல் முடியாது. ஆகவே சிங்கள எழுத்தாளர் சொல்லாமல் விட்ட ஒன்றைத் தமிழில் எழுதுகிறவர் ஒவ்வொரு வசனத்திலும் தானே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

பெரும்பாலும் படத்தைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். கிடைக்காத இடம் "எயா" என்ற சொல். அங்கே இல்லாத ஒருவரைக் குறிக்கும் சொல் அது, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஒரு பெண் இரவில் தொலைபேசியில் இரகசியமாக "எயா ஹெட்ட எனவா" என்கிறாள். அந்த ஆள் நாளைக்கு வருகிறார் என்பது பொருள். யார் வருகிறார் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் தெரியும். கணவன் அதைக் கேட்டுவிட்டு ஒரு ஆணைக் கற்பனை பண்ணுகிறான். கடைசியில் வந்து இறங்குவது அவளுடைய பள்ளிக்கூடச் சிநேகிதி.

"அவன் நாளைக்கு வாறான்" என்று எழுதினால் அந்தப் பெண் பொய் சொன்னவளாகிவிடுகிறாள். "அவள் வாறாள்" என்றால் கதை அங்கேயே முடிந்தது. இலக்கணப் புத்தகத்தின்படி "அவர்" இருபாலுக்கும் பொது, ஆனால் எங்கள் பேச்சில் அது ஆணையே குறிக்கும், மரியாதைக்குரிய பெண்ணை "அவ" என்போம். பன்மையில் "அவை" என்று போட்டால் ஒரு குடும்பமே வரப்போகிறதோ என்று தோன்றும்.

நான் எழுதியது இது:

```
212
00:31:04,200 --> 00:31:06,500
ஆள் நாளைக்கு வருதாம்.
```

"ஆள்" என்றால் ஆணும் வரலாம் பெண்ணும் வரலாம். வினையும் அஃறிணையில் முடிகிறது, எங்கள் பேச்சில் அது இயல்பு. கணவன் சந்தேகப்படுவதற்குத் தேவையான இரகசியத் தொனியும் அந்தச் சொல்லில் இருக்கிறது. இதற்கு இலங்கைத் தமிழ்ப் பேச்சு கைகொடுத்தது. எழுத்துத் தமிழில் அடம்பிடித்திருந்தால் இந்த வழி கண்ணில் பட்டிருக்காது.

காதில "தாத்தா" என்று கேட்குது, கீழ "அப்பா" என்று எழுதியிருக்குது. எது சரி?

இரண்டும் சரி. சிங்களத்தில் "தாத்தா" என்றால் அப்பா. நமக்கு அது அம்மாவின் அப்பா, அல்லது அப்பாவின் அப்பா. கொழும்பு முஸ்லிம் வீடு பலவற்றில் "தாத்தா" என்றால் மூத்த சகோதரி. ஒரே சத்தத்துக்கு மூன்று குடும்பத்தில் மூன்று ஆட்கள்.

"ஐயா" இதைவிடக் கவனம் தேவைப்படுகிற சொல். சிங்களத்தில் "அய்யா" அண்ணன். நம்முடைய ஐயாவுக்கு அங்கே "மஹத்தயா" என்பார்கள், கொழும்புத் தமிழில் மாத்தயா. கேட்ட சத்தத்தை அப்படியே "ஐயா" என்று எழுதினால், கூட்டாளியின் அண்ணனோடு உரிமையாகப் பேசுகிற பெடியன் எசமானிடம் கைகட்டி நிற்கிற வேலைக்காரனாகிவிடுவான்.

மற்றபடி உறவுச் சொற்கள் அழகாகப் பொருந்தும்: அய்யா அண்ணா, மல்லி தம்பி, நங்கி தங்கச்சி, அக்கா அக்காவேதான், அம்மாவும் அம்மாவேதான். "மச்சங்" நம்முடைய மச்சான். இப்படி ஒன்றுக்கொன்று ஒத்து நிற்கிற சொற்களை ஆங்கிலத்தின் ஒற்றைச் சகோதரனுக்குள் போட்டு நசுக்கிவிட்டு, பிறகு அதைத் தமிழுக்கு விரிப்பதைத்தான் முதற்கேள்வியில் வேண்டாம் என்றேன்.

காதுக்கும் கண்ணுக்கும் நடக்கிற சண்டையை முழுதாகத் தீர்க்க முடியாது. படத்தில் முதல் தடவை "தாத்தா" வருகிற இடத்தில் சொல் தனியாக வந்தால், சத்தம் கேட்கிற அதே கணத்தில் "அப்பா!" என்ற ஒரே சொல்லைத் தனி வரியாகப் போடுவேன். கண்ணும் காதும் அங்கேயே சேர்ந்துகொள்ளும். நீளமான வசனத்தின் நடுவில் அது மறைந்து வந்தால் பார்வையாளர் பத்து நிமிடமாவது குழம்பியிருப்பார்.

கணவன் மனைவி பேசும்போது நீயா நீங்களா?

எனக்கு அதிக நேரம் எடுக்கிற முடிவு இதுதான்.

சிங்களத்தில் இன்றைய கணவனும் மனைவியும் பெரும்பாலும் ஒருவரையொருவர் "ஓயா" என்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே சொல். தமிழில் பழக்கதோஷத்தில் மனைவி "நீங்கள்" என்றும் கணவன் "நீ" என்றும் எழுதிவிடுகிறோம். அதனால் சமமாக இருந்த இருவரில் ஒருவர் மேலேயும் மற்றவர் கீழேயும் போய்விடுகிறார்கள். படத்தில் இல்லாத ஒரு ஆணாதிக்கத்தைச் சப்டைட்டில் கொண்டுவந்து சேர்க்கிறது. எழுதுகிறவர் அதை நினைத்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்கிறது. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டு பக்கமும் ஒரே சொல்லைப் போடுங்கள் என்பது என் நிலைப்பாடு. யாழ்ப்பாணப் பேச்சில் "நீ", "நீங்கள்" இரண்டுக்கும் நடுவில் "நீர்" இருக்கிறது. ஓயாவுக்கு மிக நெருங்கிய சொல் அதுதான். ஆனால் தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கு "நீர் எங்கே போனீர்" என்றால் அரசவை நாடகம் மாதிரி இருக்கும். கொழும்புத் திரையிடலுக்கு மட்டும் என்றால் நீரைப் பயன்படுத்துவேன். தமிழ்நாட்டுக்கும் போகப்போகிறது என்றால் இருவருக்கும் "நீ".

அதோடு முடியவில்லை. சண்டைக் காட்சியில் ஒருவர் ஓயாவை விட்டு "உம்ப" என்று இறங்குவார். உம்ப நெருங்கிய கூட்டாளிகளுக்குள் அன்பான சொல், கணவன் மனைவிக்குள் கோபத்தில் வந்தால் அறை. ஏற்கெனவே "நீ" போட்டிருந்தால் இறங்குவதற்குத் தமிழில் படி மிச்சமில்லை. அந்த இடத்தில் "டி" சேர்ப்பேன், அல்லது வசனத்தை மொட்டையாக்குவேன். "எங்க போனனீ?" என்று படம் முழுக்க எழுதியிருந்தால், அங்கே "எங்கடி போனனீ?" ஒரே எழுத்துத்தான் கூடுகிறது. ஆனாலும் படம் முழுவதையும் ஒரு தடவை பார்த்து, யார் யாரை எந்தக் கட்டத்தில் எப்படி அழைக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால்தான் இப்படி ஒரு படியை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கலாம். வசனம் வசனமாகப் போகிறவருக்கு அந்தச் சண்டை வரும்போது கையில் சொல் இருக்காது.

எந்தத் தமிழில எழுதுறது?

கதை எங்கே நடக்கிறதோ, யார் பேசுகிறார்களோ, அதையொட்டி. கொழும்பில் நடக்கிற படத்தில் "பசங்க", "ஆட்டோ", "சாம்பார் சாதம்" வந்தால் கொழும்பின் காலி வீதி சென்னையின் மவுண்ட் ரோடாகிவிடும். எங்கள் எழுத்தில் அது "பெடியள்", "ஓட்டோ". கிரிபத் என்றால் பாற்சோறு. "பால் சாதம்" என்று இருந்தால் எழுதியவர் ஆங்கிலத்திலிருந்து எடுத்திருக்கிறார் என்று அப்போதே தெரிந்துவிடும். பொல் சம்போல தேங்காய்ச் சம்பல், சட்னி இல்லை.

ஆனால் ஒரு சிங்கள மீனவரை முழு யாழ்ப்பாணத் தமிழில் பேசவைக்கவும் எனக்கு மனம் ஒப்பவில்லை. வல்வெட்டித்துறை ஆள் மாதிரி ஆகிவிடுவார். ஊர் குறிக்கிற சொற்களைத் தவிர்த்து, இலங்கையில் எல்லாரும் பேசக்கூடிய ஒரு இடைநிலையில் நிற்பேன்.

சிங்களப் பகிடியைத் தமிழில கொண்டுவர முடியுமா?

சிலது முடியும். சூழ்நிலையில் இருந்து வருகிற பகிடி தானாகக் கடந்துவிடும். சொல்லில் இருந்து வருவதுதான் சாகும். இலங்கையில் இன்னொரு வகையும் இருக்கிறது: இரண்டு மொழியும் மோதுகிற இடத்தில் பிறக்கிற பகிடி. அதைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன்.

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மம்மா கதவடியில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் ஏதோ சொல்கிறாள். அம்மம்மாவுக்கு விளங்கவில்லை. "என்ன?" என்கிறார். சிங்களத்தில் "என்ன" என்றால் வாங்க. அந்தப் பெண் ஒரு அடி உள்ளே வருகிறாள், மறுபடியும் சொல்கிறாள். அம்மம்மா "என்ன?" என்கிறார். இன்னொரு அடி. ஐந்தாவது "என்ன"வுக்கு அவள் குசினிக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறாள், அம்மம்மா வேறு வழியில்லாமல் தேத்தண்ணி போடுகிறார்.

கொழும்பில் இரண்டு மொழியும் தெரிந்தவர்களுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். சிங்களம் மட்டும் தெரிந்தவருக்கு, அம்மம்மாவின் வசனத்துக்குக் கீழே என்ன என்று கேட்கிற சிங்களச் சொல்லான "மொகத" என்று போட்டால் போதும். காது வாங்க என்கிறது, கண் என்ன என்கிறது. சிரிப்பு அந்த இடைவெளியில் பிறக்கும், அசலைவிடவும் கூர்மையாக.

தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு, உதாரணமாகச் சென்னைப் பார்வையாளருக்கு, அந்தப் பெண் ஏன் அடிமேல் அடி வைத்து உள்ளே வருகிறாள் என்று விளங்காது. அந்த இடத்தில் விளக்கம் எழுதினால் பகிடி செத்தது. வழி முன்னாலேயே இருக்கிறது. இந்தக் காட்சிக்கு முன்பு படத்தில் எங்காவது சிங்களப் பாத்திரம் யாரையாவது "என்ன, என்ன" என்று உபசரித்து உள்ளே கூப்பிடும் இடம் இருக்கிறதா என்று தேடுவேன். வழக்கமாக இப்படியான சின்ன உபசாரங்களை இடம் போதாது என்று விட்டுவிடுவோம். அங்கே விடாமல் "வாங்க, வாங்க" என்று போட வேண்டும், சத்தத்தோடு சேர்த்து, வேறு வசனம் கலக்காமல். பார்வையாளர் அறியாமலே அந்தச் சொல்லைக் கற்றுக்கொள்கிறார். இருபது நிமிடம் கழித்து அம்மம்மா "என்ன?" என்னும்போது அவருக்கு விடை கையில் இருக்கிறது. முன்னால் அப்படி ஓர் இடம் இல்லையென்றால், அந்தப் பகிடி அந்தப் பார்வையாளருக்கு இல்லை என்று ஏற்றுக்கொள்வேன்.

அந்தக் காட்சியை டப்பிங் பண்ணினால்?

எல்லாரும் தமிழ் பேசுவார்கள். விளங்காமை என்ற ஒன்றே அங்கே இருக்காது. எந்தக் கெட்டித்தனமும் அதைக் காப்பாற்றாது.

பகிடியைவிடப் பெரிய இழப்பும் உண்டு. ஆஸ்பத்திரியில், பொலிஸ் நிலையத்தில், கந்தோரில் தமிழ் மட்டும் தெரிந்தவர் சிங்களத்தில் எழுதிய படிவத்தோடு நிற்கிற காட்சி எத்தனை இலங்கைப் படத்தில் வரக்கூடியது. மொழி தெரியாததுதான் அங்கே நடக்கிற சம்பவம். அதைத் தமிழில் டப் பண்ணினால், நல்ல தமிழில் கேட்கிற உத்தியோகத்தருக்கு நல்ல தமிழில் பதில் சொல்லாமல் ஒரு ஆள் ஏன் விழிக்கிறார் என்று ஆகிவிடும். இரண்டு மொழியும் வருகிற படத்தை டப் பண்ணாதீர்கள். பண்ணியே ஆகவேண்டும் என்றால் அப்படியான காட்சிகளில் மட்டும் அசல் ஒலியை விட்டு வரி போடுங்கள். அந்தத் தமிழ்ப் பாத்திரத்துக்கு விளங்காத சிங்கள வசனத்துக்குக் கீழே வரி போடுவதா வேண்டாமா என்பதை இயக்குநரிடம் கேட்க வேண்டும். சில இடத்தில் பார்வையாளரும் விளங்காமல் நிற்கவேண்டும் என்பது அவருடைய எண்ணமாக இருக்கலாம்.

அப்படியென்றால் டப்பிங் எப்பவும் மட்டமா?

இல்லை. சின்னப் பிள்ளைகளால் வரி வாசிக்க முடியாது. கார்ட்டூனுக்கு டப்பிங்தான் வழி. இலங்கையின் ரூபவாஹினித் தொலைக்காட்சியில் சிங்கள டப்பிங்கை வளர்த்தெடுத்த டைட்டஸ் தொட்டவத்த, டொக்டர் டூலிட்டில் கார்ட்டூனுக்கு "தொஸ்தர ஹொந்த ஹித்த" என்று பெயர் வைத்தார். நல்ல மனசு வைத்தியர் என்று பொருள். அசல் பெயரின் ஒலியை விட்டுவிட்டு ஆளின் குணத்தைப் பிடித்துக்கொண்டார். இலங்கையில் ஒரு தலைமுறைக்கு அந்த வைத்தியரின் உண்மையான பெயரே அதுதான். அப்படித் துணிந்து செய்கிற டப்பிங்கை நான் மதிக்கிறேன். தமிழில் அந்த அளவுக்குக் குழந்தைகளுக்காக உழைத்தவர்கள் இன்னும் தேவை.

வாயசைவைப் பற்றியும் கேட்கிறார்கள். சிங்களத்திலிருந்து தமிழுக்கு அது அவ்வளவு கடினமில்லை, வினை இரண்டிலும் கடைசியில் வருவதால் முகபாவமும் சொல்லும் ஒன்றாகவே விழும். முகம் பெரிதாகத் தெரிகிற காட்சியில் உதடு ஒட்டுகிற ப, ம ஒலிகளை மட்டும் பார்த்துப் பொருத்தினால் மற்றதைக் கண் மன்னித்துவிடும்.

எத்தனை எழுத்து வரலாம்? நான் எழுதும் வரிகளை மென்பொருள் சிவப்பாகக் காட்டுது.

ஒரே நேரத்தில் இரண்டு வரி, ஒரு வரிக்கு 42 எழுத்து வரை, இரண்டும் நிறைந்திருந்தால் ஆறு செக்கன் என்பது பரவலான அளவு. அது இலத்தீன் எழுத்தை மனதில் வைத்து வந்தது. "போகிறேன்" நமக்கு நாலு எழுத்து. பல மென்பொருள்கள் கொம்பு, விசிறி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி எட்டு என்று சொல்லும். ஆகவே சிவப்பைக் கண்டு உடனே வெட்டாதீர்கள். வாய்விட்டு ஒரு தடவை வாசியுங்கள். நடிகர் பேசி முடிப்பதற்குள் நீங்கள் நிதானமாக வாசித்து முடித்தால் போதும்.

போட்ட கோப்பில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் வருது.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். "வணக்கம்" என்பது `tzf;fk;` என்று தெரிந்தால் அதுதான் காரணம். யூனிக்கோடுக்கு மாற்றி, `UTF-8` ஆகச் சேமியுங்கள்.

எல்லாம் எழுதியாச்சு. சரியா என்று எப்படிப் பார்ப்பது?

சிங்களம் தெரியாத ஒருவரையும் இரண்டும் தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்திப் படத்தைப் போடுங்கள். திரையைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தால் சரி. சிங்களம் தெரியாதவர் முந்திச் சிரித்தால், நடிகர் சொல்லி முடிக்கும் முன்பே உங்கள் வரி முழுவதையும் காட்டிவிட்டது என்று பொருள். மொழிபெயர்ப்பு திறமாக இருந்தும் சிரிப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். நடிகர் மூச்சு விடுகிற இடத்தில் வரியை உடைக்க வேண்டும்:

```
418
00:47:10,100 --> 00:47:12,000
கடன் எல்லாம் குடுத்திட்டன்...

419
00:47:12,800 --> 00:47:14,300
உங்கட காசிலதான்.
```

நடுவில் இருக்கிற கிட்டத்தட்ட முக்கால் செக்கன் வெறுமை நடிகருடையது. அதில் எதையும் எழுதாதீர்கள்.